கடைசிப் பந்தியில் என்ன எழுதுவது?
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினருக்கு எங்கள் நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறோம். வழமையாக இது உரையின் கடைசியில் வரவேண்டியது. ஏன் முன்னுக்குக் கொண்டுவந்தோம் என்பது போகப் போக விளங்கும்.

எங்கள் வகுப்பைச் சேர்ந்த சிலர், வைத்தியத் துறையில் இருப்பவர்கள், சில வருடங்களாக ஒரு சிறிய வேலை செய்து வருகிறோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் புலமைப்பரிசில்களுக்கும் விண்ணப்பிக்கும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் அறிக்கைகளை வாசித்து, திருத்தம் சொல்லி அனுப்புகிறோம். ‘பேர்சனல் ஸ்டேட்மென்ட்’ என்று எல்லோரும் சொல்வார்களே, அதுதான். நான் யார், ஏன் இந்தப் படிப்பைத் தெரிவு செய்தேன், எதைச் செய்திருக்கிறேன், இனி எதைச் செய்யப் போகிறேன் என்று ஒன்றிரண்டு பக்கத்தில் சொல்லும் அறிக்கை.

இதை எழுத எங்களுக்கு யாரும் பழக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் நாட்டில் அரச பல்கலைக்கழகம் புகுவதற்கு இசட் புள்ளி வேண்டும். அங்கே அறிக்கை எதுவும் கேட்பதில்லை. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைகூட இருபது வயதிலோ முப்பது வயதிலோதான் முதன்முதலாக இப்படி ஒன்றை எழுத உட்காருகிறாள். அப்போது கைக்கு வருவது பாடசாலையில் பழகிய இரண்டு பழக்கங்கள்தான்.

ஒன்று கட்டுரைப் பழக்கம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. முடிவுரை என்றால் ‘எனவே மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின்’ என்று தொடங்கி, சொன்னதையெல்லாம் மறுபடி ஒருமுறை சொல்லவேண்டும். இரண்டாவது பேச்சுப்போட்டிப் பழக்கம். ‘வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்’ என்று கைகூப்பாமல் எங்களில் ஒருவரும் இந்த மேடையைவிட்டு இறங்கியதில்லை. இரண்டும் அவையவைக்குரிய இடத்தில் நல்ல பழக்கங்களே. பரீட்சைத் தாளில் தொகுப்புரைக்குப் புள்ளி உண்டு. மேடையில் நன்றி பண்பு. ஆனால் விண்ணப்ப அறிக்கையின் கடைசிப் பந்தியில் இந்த இரண்டும் இடத்தை வீணாக்குகின்றன. இன்று அதை ஓர் உதாரணத்தை வைத்துப் பேச விரும்புகிறோம்.

எங்களுக்குப் பல வருடம் பின்னால் படித்த ஒரு தங்கை. வைத்தியர். வடக்கில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் நீரிழிவுக் கிளினிக்கில் வேலை செய்கிறார். பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் படிப்புக்காக ஐக்கிய இராச்சியத்துக்கு விண்ணப்பித்தார். முதல் தடவை கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மறுபடி எழுதும்போது பழைய அறிக்கையை எங்களுக்கு அனுப்பினார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

அறிக்கையின் நடுப்பகுதி அருமையானது. கிளினிக்குக்குக் காலில் புண்ணோடு வருபவர்கள் ஏன் இவ்வளவு பிந்தி வருகிறார்கள் என்ற கேள்வி அவரைப் பிடித்திருக்கிறது. ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறார்: புண்ணை முதலில் எப்போது கண்டார், யார் கண்டது, எத்தனை நாளைக்குப் பின் வந்தார் என்று. காரணம் படிப்படியாகத் தெளிந்திருக்கிறது. நீண்ட கால நீரிழிவில் காலின் நரம்புகள் உணர்விழக்கின்றன. வலி தெரியாத கால் என்பது காவல் இல்லாத வீடு. முள் குத்தினாலும் சூடு பட்டாலும் ஆள் அறியமாட்டார். அதிலும் கோயில் திருவிழாக் காலத்தில், நண்பகல் வெயிலில் சுடு மணலிலும் சீமெந்துத் தரையிலும் வெறுங்காலோடு நடந்து, உள்ளங்கால் கொப்பளித்து வருபவர்கள் இருக்கிறார்கள். கொப்பளித்ததே தெரியாமல் இரண்டு கிழமை நடந்திருப்பார்கள். இதைக் கண்டபின் அவர் 10 கிராம் மொனோஃபிலமென்ட் என்ற நைலோன் இழையால் நோயாளரின் உள்ளங்காலைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று தானே சோதிக்கத் தொடங்கியிருக்கிறார். கிளினிக்கில் ஆட்கூட்டம் காரணமாக எல்லோருக்கும் அதைச் செய்ய நேரம் போதவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்.

இவ்வளவையும் வாசித்து வந்தபின் கடைசிப் பந்தி இப்படி இருந்தது. அவர் எழுதியது ஆங்கிலத்தில், நாங்கள் தமிழில் சொல்கிறோம்: ‘ஆகவே எனது கல்வித் தகைமைகளும் நீரிழிவுக் கிளினிக் அனுபவமும் ஆய்வில் எனக்குள்ள ஆர்வமும் இப்படிப்புக்கு என்னைப் பொருத்தமானவளாக்குகின்றன என நம்புகிறேன். எனது விண்ணப்பத்தை வாசிக்கப் பெறுமதியான நேரத்தை ஒதுக்கிய தெரிவுக் குழுவினருக்கு எனது மனமார்ந்த நன்றிகள். சாதகமான பதிலை எதிர்பார்க்கிறேன்.’

இந்த மூன்று வாக்கியத்திலிருந்தும் வாசிப்பவர் புதிதாக என்ன அறிந்தார் என்று அந்தத் தங்கையையே கேட்டோம். முதலாவது வாக்கியம் முன்பந்திகளில் இருப்பது. ஒரு பக்க அறிக்கையை வாசித்தவர் இரண்டு நிமிடத்துக்கு முன் படித்ததை மறந்திருக்கமாட்டார். இரண்டாவதில் உள்ள நன்றி உண்மையானதாக இருக்கலாம். ஆனால் விண்ணப்பங்களை வாசிப்பது அவர்களுடைய வேலை, நன்றி சொன்ன பிள்ளைக்கு ஒரு புள்ளி கூடப்போடும் பத்தி அவர்களுடைய தாளில் இல்லை. மூன்றாவது, விண்ணப்பித்த எல்லோரும் எதிர்பார்ப்பது. ஆக, அறிக்கையின் கடைசி நாற்பது, ஐம்பது சொற்கள், வாசிப்பவர் தாளை மூடும்போது மனதில் நிற்கக்கூடிய சொற்கள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். முதல் தடவை அவருக்கு இடம் கிடைக்காமற்போனது இந்தப் பந்தியால் என்று நாங்கள் சொல்லவில்லை. தெரிவுக்குப் பரீட்சைப் பெறுபேறு, சிபாரிசுக் கடிதங்கள், ஆங்கிலப் புலமை, அந்த வருடத்தின் இடங்கள் எல்லாம் சேரும். கடைசிப் பந்தி தனியே ஒருவரை உள்ளே கொண்டுபோகவும் மாட்டாது, வெளியே தள்ளவும் மாட்டாது. ஆனால் அது முழுக்க முழுக்க எங்கள் கையில் இருக்கும் ஒன்று.

வாசிப்பவருக்கு அந்த இடத்தில் என்ன வேண்டியிருக்கிறது? நடுப்பகுதி முடியும்போது இவர் யார், என்ன செய்தார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மிச்சம் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் படிப்பை இவருக்குக் கொடுத்தால் அதை வைத்து என்ன செய்வார்? அதற்குப் பதில் சொல்லும் இடம்தான் கடைசிப் பந்தி. பின்னே திரும்பிப் பார்க்கும் பந்தியாக இல்லாமல், முன்னே பார்க்கும் பந்தியாக இருக்கவேண்டும்.

இதைச் சொன்னவுடன் அந்தத் தங்கை அடுத்த நாளே ஒன்று எழுதி அனுப்பினார்: ‘இப்படிப்பின் மூலம் உலகத்தரம் வாய்ந்த பொதுச் சுகாதாரத் தலைவியாக உருவாகி, இலங்கையில் நீரிழிவை முற்றாக ஒழித்து, எமது மக்களின் வாழ்வில் ஒளியேற்றுவேன்.’ முன்னே பார்க்கிறது, உண்மைதான். ஆனால் எதைப் பார்க்கிறது? ‘நீரிழிவு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘புற்றுநோய்’ என்று போட்டால் வேறொருவரின் அறிக்கைக்கும் பொருந்தும். ‘போசாக்கின்மை’ என்று போட்டால் இன்னொருவருக்கு. ஒரு பந்தி பலருக்குப் பொருந்துமானால் அது ஒருவருக்கும் உரியதல்ல. அதோடு, நீரிழிவு முற்றாக ஒழிக்கக்கூடிய நோயல்ல என்பது வாசிப்பவருக்குத் தெரியும். ஒரு வைத்தியர் அப்படி எழுதினால் நடுப்பகுதியில் காட்டிய நிதானத்தின் மேலும் சந்தேகம் விழும்.

பிறகு நாங்கள் சேர்ந்திருந்து செய்ததை வரிசையாகச் சொல்கிறோம். தங்கைமார் வீட்டில் தாங்களே செய்து பார்க்கலாம்.

முதலில் கடைசிப் பந்தியைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசித்தோம். ஏதாவது குறைகிறதா? இல்லை. அப்படியானால் அந்தப் பந்தி வெட்டப்படவேண்டியது. தயவு தாட்சண்யம் வேண்டாம்.

அடுத்ததாக நடுப்பகுதியில் முடியாமல் நிற்கும் விசயம் எது என்று தேடினோம். நல்ல அறிக்கை எதிலும் ஒரு நூல் முனை அவிழ்ந்து கிடக்கும். இங்கே அது வெளிப்படையாகவே இருந்தது. எல்லோருடைய காலையும் சோதிக்க நேரம் போதவில்லை என்று எழுதியிருந்தாரே, அந்த இடம்தான்.

அந்த முனையைப் பிடித்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டோம். இன்று உம்மால் செய்யமுடியாதது எது? சிறிது நேரம் யோசித்துச் சொன்னார்: “கொப்பியில எழுதி வச்சிருக்கிறன் அக்கா. ஆனா அதை வச்சு ஒண்டும் நிறுவ ஏலாது. காலைச் சோதிச்சபடியாத்தான் ஆக்கள் நேரத்துக்கு வந்தவையோ, இல்லாட்டி நான் கதைச்சபடியா வந்தவையோ எண்டு எனக்குத் தெரியாது.” இந்தப் படிப்பில் எது அதைத் தரும்? அவர் விண்ணப்பித்த பாடநெறியின் விபரத்தைத் திறந்து பார்த்தோம். நோய்ப்பரவலியலும், சுகாதாரத் திட்டங்களை மதிப்பிடும் பாடமும் இருந்தன. முடிவில் ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுதவேண்டும். படிப்பு முடிந்து முதல் நாள் எங்கே நிற்பீர்? அதே கிளினிக்கில்.

“இதைத்தான் எழுதும்,” என்றோம்.

அவர் எழுதிய புதிய பந்தி இது: ‘என் குறிப்புக் கொப்பியிலிருந்து ஒரு கேள்வியை எழுப்ப முடிந்தது, அதற்கு விடை காண முடியவில்லை. கிளினிக்குக்கு வரும் ஒவ்வொருவரின் காலையும் தாதி உத்தியோகத்தர் ஒருவர் சோதித்தால், புண்ணோடு பிந்தி வருபவர்கள் குறைவார்களா? இதைச் சரியான ஒப்பீட்டோடு வடிவமைக்கவும் மதிப்பிடவும் கற்பதற்காகவே இப்பாடநெறிக்கு விண்ணப்பிக்கிறேன். என் ஆய்வுக் கட்டுரையில் அந்தத் திட்டத்தை வரைந்து, நாடு திரும்பியபின் எங்கள் கிளினிக்கில், திருவிழாக் காலம் தொடங்குமுன் நடைமுறைப்படுத்திப் பார்க்க எண்ணுகிறேன். அது பயன் தருமானால், அயலிலுள்ள கிளினிக்குகளுக்குக் கொண்டுபோகக்கூடியது. பயன் தராவிட்டால், ஏன் என்று அறிந்திருப்போம்.’

இந்தப் பந்தியில் உள்ளவற்றைக் கவனியுங்கள். கொப்பி, கால், தாதி, திருவிழா எல்லாம் நடுப்பகுதியில் வேர் கொண்டவை. அதற்காக நடுப்பகுதியில் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை, அதிலிருந்து அடுத்த அடியை வைக்கிறது. கிட்ட இருப்பதில் தொடங்கித் தூரத்துக்குப் போகிறது: முதலில் பாடநெறி, பிறகு ஆய்வுக் கட்டுரை, பிறகு தன் கிளினிக், கடைசியில் அயல் கிளினிக்குகள். வாக்குறுதியின் அளவும் அவருடைய கைக்கு எட்டும் அளவுதான். ‘பயன் தராவிட்டால்’ என்ற சொற்றொடரை எடுத்துவிடலாமா என்று அவர் பயந்து கேட்டார். இருக்கட்டும் என்றோம். முடிவை முன்கூட்டியே அறிந்தவருக்கு ஆய்வுப் படிப்பு எதற்கு?

இதில் தவறக்கூடிய இடங்களும் உண்டு. நாங்கள் அடிக்கடி காண்பவை மூன்று.

கடைசிப் பந்தியில் திடீரென்று ஒரு புதிய அனுபவம் முளைப்பது ஒன்று. ‘நான் இரத்ததான முகாமும் நடத்தியிருக்கிறேன்’ என்று அங்கே வந்தால், அது நடுப்பகுதியில் இடம் கிடைக்காமல் வாசலில் நின்ற விருந்தாளி. உள்ளே இருத்தவேண்டும் அல்லது அனுப்பிவிடவேண்டும்.

இரண்டாவது, உண்மையில்லாத திரும்பி வருதல். கொமன்வெல்த் புலமைப்பரிசிலும் செவனிங் புலமைப்பரிசிலும் படித்து முடித்து நாடு திரும்பவேண்டும் என்ற நிபந்தனையோடு வருகின்றன. செவனிங்கில் இரண்டு வருடமாவது நாட்டில் இருக்கவேண்டும். அங்கே எழுதும் கடைசிப் பந்தி வெறும் அழகு வாக்கியமல்ல, நீங்கள் கையொப்பமிடப் போகும் கடமையின் முன்னுரை. திரும்பும் எண்ணம் இல்லையென்றால் அந்தப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்காமல் விடுவது நேர்மை. வேறு வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கப்போகிறேன் என்று எழுதுவதும் குற்றமல்ல. அங்கே எதைச் செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், போதும்.

மூன்றாவது, பதினெட்டு வயதுப் பிள்ளை நாற்பது வயதாளின் எதிர்காலத்தை எழுதுவது. போன வருடம் உயர்தரம் முடித்த ஒரு தங்கை உடலியக்க மருத்துவம் படிக்க விண்ணப்பித்தார். பாரிசவாதத்தின் பின் தன் அம்மம்மா மீண்டும் கரண்டி பிடிக்கப் பழகியதைக் கூட இருந்து பார்த்தவர். அதை அழகாக எழுதிவிட்டு, கடைசியில் ‘தேசிய அளவிலான புனர்வாழ்வு நிலையம் அமைப்பேன்’ என்று முடித்திருந்தார். அந்த வயதில் எதிர்காலம் தெரியாதது குறையல்ல. தெரிந்ததுபோல் காட்டுவதுதான் குறை. அவருக்கு நாங்கள் சொன்னது, ‘முதலாம் வருடத்தில் எதை அறிய ஆவலாக இருக்கிறீர்?’ என்று மட்டும் எழுதும்படி. அம்மம்மாவின் கை திரும்பியது, சொல் ஏன் திரும்பவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. அதுவே முடிவாயிற்று. அதுவும் முன்னோக்கிய முடிவுதான், ஒரே ஓர் அடி முன்னே.

விண்ணப்பப் படிவத்தின் அமைப்பையும் பார்க்கவேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் இளமாணிப் படிப்புக்கு யூகாஸ் வழியாக விண்ணப்பிப்பவர்கள் முன்பு ஒரே தொடர்கட்டுரையாக எழுதினார்கள். எழுத்துகளும் இடைவெளிகளும் சேர்த்து 4,000தான் இடம். 2026ஆம் ஆண்டு அனுமதியிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏன் இப்பாடம், உங்கள் படிப்பு எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்று. மொத்த இடம் அதே 4,000. இந்தப் படிவத்துக்குத் தனியான முடிவுரை தேவையில்லை. முன்னோக்கிய எண்ணம் முதலாவது கேள்விக்கான பதிலின் கடைசி வரிகளில் வரலாம். மூன்றாவது பதிலின் அடியில் நன்றியுரை ஒட்டவேண்டாம். நூறு எழுத்து போனாலும் போனதுதான்.

அப்படியானால் நன்றியை எங்கே சொல்வது? சிபாரிசுக் கடிதம் எழுதித் தந்த ஆசிரியருக்கு நேரே போய்ச் சொல்லுங்கள். நேர்முகப் பரீட்சை முடிந்து எழும்பும்போது சொல்லுங்கள். முடிவு வந்தபின், அது என்னவாக இருந்தாலும், உதவியவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். ஆளைப் பார்த்துச் சொல்லும் நன்றிக்குத்தான் கனம் அதிகம்.

கிளினிக் தங்கைக்கு இரண்டாம் தடவை நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. காணொளி வழியாக நடந்தது. குழுவில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, “காலைச் சோதிக்காத கிளினிக் ஒன்றை ஒப்பீட்டுக்கு எங்கே தேடுவீர்கள்? சோதிக்காமல் விடுவது முறையாகுமா?” என்பது. கடைசிப் பந்தியிலிருந்து நேரே வந்த கேள்வி. கடினமான கேள்வியும்கூட. அவர் அதை முன்பே யோசித்திருந்தார். எல்லாக் கிளினிக்கிலும் ஒரே நாளில் தொடங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினால், காத்திருக்கும் கிளினிக் ஒப்பீட்டுக்கு உதவும், கடைசியில் ஒருவரும் விடுபடவும் மாட்டார்கள் என்றார். இது அந்தத் துறையில் உண்மையாகவே உள்ள ஒரு முறை. மிச்ச நேரம் அதைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். ‘சாதகமான பதிலை எதிர்பார்க்கிறேன்’ என்ற வாக்கியத்திலிருந்து என்ன கேள்வி பிறந்திருக்க முடியும்? அவர் இப்போது படிப்பை முடித்துத் திரும்பி வந்துவிட்டார். இரண்டு தாதி உத்தியோகத்தர்களுக்குக் காலைச் சோதிக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறார். விடை இன்னும் வரவில்லை.

வருகிற பாடசாலை விடுமுறையில், மூன்று சனிக்கிழமை காலைகளில், பழைய நூலக அறையில் நாங்கள் இருப்போம். தூரதேசத்தில் இருக்கும் தோழியர் சிலரும் காணொளி வழியாகச் சேருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பம் எழுதும் தங்கைமார் முழு அறிக்கையையும் கொண்டுவாருங்கள், ஆனால் கடைசிப் பந்தியைத் தனித் தாளில் எழுதி வாருங்கள். அந்தத் தாளைத்தான் முதலில் வாசிப்போம். அதை வாசித்து, எழுதியவர் யார், அடுத்த இரண்டு வருடத்தில் எங்கே நிற்கப் போகிறார் என்று எங்களால் சொல்லமுடிந்தால், மிச்சத்தைத் திருத்துவது ஒரு காலை வேலைதான்.